இரண்டாவது ஒப்புதலைக் கொடுத்தது யார்?

நடுத்தர நிறுவனங்கள் சப்ளையர்களுக்குக் கொடுக்கும் பணம் இன்று பெரும்பாலும் இணைய வங்கி வழியாகவே போகிறது. அதில் இரண்டு பேருக்குப் பங்கு உண்டு. கணக்குப் பிரிவில் ஒருவர் பரிமாற்றத்தைப் பதிவு செய்வார், அவர் மேக்கர். நிதி மேலாளரோ இயக்குநரோ தம்முடைய ஐடியில் நுழைந்து பார்த்து ஒப்புதல் தருவார், அவர் செக்கர். காசோலையில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்றிருந்த பழைய ஏற்பாடுதான் இப்படி மாறியிருக்கிறது.

தணிக்கைக்குப் போகிறவர் இதைப் பற்றிக் கேட்டால் எல்லா அலுவலகத்திலும் ஒரே பதில்தான் வரும்: "ஒருத்தரால பணம் அனுப்பவே முடியாது சார், சிஸ்டம் விடாது." அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் சிஸ்டத்துக்குத் தெரிவது இரண்டு ஐடிகள்தான். அந்த இரண்டு ஐடிக்குப் பின்னால் இருப்பது இரண்டு மனிதர்களா, ஒரே மனிதரா என்பதை அது அறியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் தணிக்கையாளரின் வேலை.

திருப்பூரில் ஆண்டுக்கு 120 கோடி ரூபாய் வியாபாரம் செய்யும் ஒரு பின்னலாடை நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூல் மில், சாயப்பட்டறை, லாரி சர்வீஸ் என்று 64 பேருக்கு வெள்ளிக்கிழமை தோறும் பணம் போகிறது. 2 லட்சம் ரூபாய் வரை நிதி மேலாளர் ஒப்புதல் தரலாம், அதற்கு மேல் போனால் இயக்குநர்தான் தர வேண்டும் என்று போர்டு தீர்மானம் இருக்கிறது. காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை.

முதல் வேலை, இணைய வங்கியில் இந்த நிறுவனத்துக்கு இருக்கும் ஐடிகளின் பட்டியலை வாங்குவது. கணக்குப் பிரிவு எடுத்துத் தரும் எக்செல் தாளை வாங்கிக்கொள்ளக் கூடாது. இயக்குநர் கையெழுத்திட்ட கடிதம் வங்கிக்குப் போக வேண்டும். பதில் தணிக்கையாளருக்கு நேராக வர வேண்டும். ஐடி யாருடையது, அவருக்கு என்ன அதிகாரம், எவ்வளவு லிமிட், எந்தக் கைபேசி எண் பதிவாகியிருக்கிறது ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும்.

வேலையை விட்டுப் போனவரின் ஐடி இன்னும் உயிரோடு இருப்பது இந்தப் பட்டியலில் அடிக்கடி தென்படும் குறை. கைபேசி எண்ணில் இருக்கும் குறை அதைவிட ஆபத்தானது. நம் நிறுவனத்தில் இயக்குநரின் ஐடிக்கு எதிரே இருக்கும் எண், கணக்குப் பிரிவு மேசையில் கிடக்கும் அலுவலக போனின் எண். ஓடிபி அங்கேதான் வருகிறது. இயக்குநர் ஊரில் இல்லாதபோது சம்பளம் நின்றுவிடக் கூடாது என்று எப்போதோ செய்த ஏற்பாடு அது. பாஸ்வேர்டும் கணக்காளருக்குத் தெரியும் என்றால் இரண்டு ஒப்புதலும் ஒரே நாற்காலியிலிருந்து போகிறது என்று பொருள்.

அட்மின் ஐடியையும் விடாமல் பார்க்க வேண்டும். சில வங்கிகளில் நிறுவனத்தின் அட்மினே புதிய ஐடி உருவாக்கலாம், பாஸ்வேர்டை மாற்றலாம், லிமிட்டை ஏற்றலாம். அந்த அதிகாரம் ஒரே ஆளிடம் இருந்தால் அவரே ஒரு மேக்கரையும் ஒரு செக்கரையும் உருவாக்கிக்கொள்ள முடியும். பணம் அனுப்ப மட்டுமல்ல, இந்த மாற்றங்களுக்கும் இரண்டு பேர் வேண்டும்.

அடுத்தது லாக். யார் எந்த ஐடியில் எத்தனை மணிக்கு நுழைந்தார், எந்த ஐபி முகவரியிலிருந்து நுழைந்தார், எப்போது ஒப்புதல் தந்தார் என்ற பதிவு அது. மூன்று மாத லாக்கைக் கேட்டு வாங்கி, நேரத்தை நொடி வரை படிக்க வேண்டும். நம் நிறுவனத்தின் ஒரு வெள்ளிக்கிழமை லாக்கில் மேக்கர் வெளியேறியது மாலை 4:12:10. இயக்குநரின் ஐடி உள்ளே வந்தது 4:12:48. 64 பேருக்கான ஒப்புதலும் முடிந்தது 4:13:20. முப்பத்திரண்டு நொடியில் 64 பெயரையும் தொகையையும் யாராலும் படித்திருக்க முடியாது.

மேக்கரும் செக்கரும் ஒரே ஐபி முகவரியில் இருப்பதை மட்டும் வைத்து யார் மீதும் குற்றம் சொல்லிவிடக் கூடாது. ஒரே அலுவலகத்தில் ஒரே இணைய இணைப்பைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் வெளியே தெரிவது ஒரே முகவரிதான். அதனால் லாக்கோடு வருகைப் பதிவையும் பயணச் சீட்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை இயக்குநர் மும்பைக்குப் போயிருக்கிறார். விமானச் சீட்டு செலவுக் கணக்கிலேயே இருக்கிறது. ஒப்புதல் போனதோ திருப்பூர் அலுவலக முகவரியிலிருந்து. அவர் வெளியூரிலிருந்தபடி அலுவலகக் கணினிக்குள் நுழையும் வசதி உண்டா என்று கேட்டு, இல்லை என்று உறுதியான பிறகு, இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

செக்கர் உண்மையிலேயே வேறு ஆளாக இருந்தாலும் இன்னொரு ஓட்டை மீதமிருக்கிறது. கணக்கு மென்பொருளிலிருந்து 64 பேருடைய விவரமும் ஒரு கோப்பாக வெளியே வரும்; மேக்கர் அதை வங்கித் தளத்தில் ஏற்றுவார். இடையில் சில நிமிடம் அந்தக் கோப்பு அவருடைய கணினியில் கிடக்கிறது, நோட்பேடிலேயே திறந்து திருத்தலாம். சாயப்பட்டறையின் பெயரையும் தொகையையும் அப்படியே விட்டுவிட்டு வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? மொத்தத் தொகை சரியாக இருக்கும், பெயர்களும் சரியாக இருக்கும். செக்கர் மொத்தத்தைப் பார்த்து ஒப்புதல் தந்துவிடுவார்.

பெயர் பொருந்தாவிட்டால் வங்கி திருப்பி அனுப்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பணத்தை வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. 2025 ஏப்ரல் முதல், கணக்கு எண்ணைக் கொடுத்தால் உரியவரின் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்ற உத்தரவு வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒவ்வொருவராகச் சேர்க்கும்போது காட்டப்படும் இந்தப் பெயர், கோப்பாக மொத்தமாக ஏற்றும்போதும் சரிபார்க்கப்படுகிறதா என்பதை உங்கள் வங்கியிடம் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

தணிக்கையில் இதைப் பிடிக்கும் வழி எளிது. பணம் போய்ச் சேர்ந்த பிறகு வங்கி தரும் அறிக்கையில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் யுடிஆர் எண்ணோடு பெற்றவரின் கணக்கு எண்ணும் இருக்கும். அந்தக் கணக்கு எண்ணை நிறுவனத்தின் வென்டர் மாஸ்டரில் உள்ள எண்ணோடு எக்செலில் ஒப்பிட வேண்டும். மாதிரிக்குப் பத்து எடுத்துப் பார்ப்பதில் பயனில்லை, ஆண்டு முழுவதையும் ஒப்பிட வேண்டும். கணினிக்கு அது சில நிமிட வேலை. பொருந்தாத வரி ஒன்று இருந்தாலும் சாயப்பட்டறைக்கே போன் போட்டு, அந்தப் பணம் வந்ததா என்று கேட்க வேண்டும். அந்த போன் எண்ணையும் மேக்கரிடம் வாங்கக் கூடாது, பழைய பில்லிலிருந்து எடுக்க வேண்டும். வென்டர் மாஸ்டரிலேயே எண் மாற்றப்பட்டிருந்தால் இந்த ஒப்பீடு எதையும் காட்டாது என்பதால், ஆண்டில் நடந்த மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் சப்ளையரின் கடிதமும் ரத்தான காசோலையும் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இப்படிக் குறை கண்ட இடங்களில் ஆளைத் திட்டுவதைவிட ஏற்பாட்டை மாற்றுவதே முக்கியம் என்று நினைக்கிறேன். கணக்காளர் திருடர் என்று இதில் எதுவும் நிரூபணமாகவில்லை. பெரும்பாலான இடங்களில் அவர் முதலாளி சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். நாளைக்கு வேறு யாரோ பணத்தை எடுத்தாலும் பழி அவர் மீதே விழும். இயக்குநர் பயணம் போனால் அதே லிமிட்டில் ஒப்புதல் தர இன்னொருவருக்குத் தனி ஐடி கொடுத்தால் பாஸ்வேர்டைப் பகிர வேண்டிய தேவையே வராது. கோப்பு மேக்கரின் கணினிக்கு வராமல் கணக்கு மென்பொருளிலிருந்து நேராக வங்கிக்குப் போகும் இணைப்பைப் பல வங்கிகள் தருகின்றன. அது இல்லாத இடத்தில், மென்பொருளிலிருந்து தனியே எடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையாவது செக்கர் ஒப்பிட வேண்டும்.

நிறுவனம் நடத்துகிறவர்கள் அடுத்த தணிக்கை வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஐடிக்கு எதிரே வங்கியில் பதிவாகியிருக்கும் கைபேசி எண் எது என்று இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். அது உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனின் எண்ணாக இல்லையென்றால், அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.