பயிற்சிக்கு ஒரு வரி

சிவில் முடித்தவர்களின் ரெஸ்யூமேயில் ‘ரெடிமிக்ஸ் பிளான்ட்டில் பயிற்சி பெற்றேன்’ என்று மட்டும் இருக்கும். அங்கே என்ன வேலை செய்தார் என்பது அதில் தெரியாது. ‘எம்25 கான்கிரீட்டுக்கு ஸ்லம்ப் பார்த்தேன், 150 மி.மீ. கியூப் வார்த்து, 7, 28 நாள் வலிமையைப் பதிவேட்டில் எழுதினேன்’ என்றால் நேர்காணலே அந்த வரியில் தொடங்கும்.

ஏழாம் நாளில் எவ்வளவு வந்தது என்று கேட்பார்கள். சாதாரண சிமென்ட்டில் 28 நாள் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வரும். மிகவும் குறைந்திருந்தால் தண்ணீர் கூடியதா, கியூரிங் சரியில்லையா என்று பார்த்ததையும் சொல்லலாம்.

ஒருநாள் பார்வையிட்டதைப் பயிற்சி என்று எழுதவே கூடாது. அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும். அதைத் தேதியுடன் தனியாக எழுதுங்கள்.