கடிகாரம் தவறவிடும் பாதித் துடிப்பு

கைக்கடிகாரம் இதயத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. அதன் அடியில் எரியும் பச்சை விளக்கு, மணிக்கட்டின் தோலுக்குள் ரத்தம் ஏறி இறங்குவதைத்தான் எண்ணுகிறது. ஒவ்வொரு அலையிலும் வரும் சிறிய இரண்டாவது மேட்டையும் சேர்த்து எண்ணிவிட்டால் கணக்கு இரட்டிப்பாகும்.

பாதியாகக் குறைவதுதான் அதிகம் பயமுறுத்துவது. சிலருக்கு ஒவ்வொரு இயல்பான துடிப்பையும் அடுத்து, நேரத்துக்கு முன்பே ஒரு துடிப்பு வந்துவிடும். அதற்குள் இதய அறை சரியாக நிரம்பியிருக்காது. அதனால் அந்தத் துடிப்பு தள்ளும் ரத்தம் குறைவு. மணிக்கட்டில் அலையே எழாமல் போகலாம். இதயம் 76 முறை துடிக்க, கடிகாரம் 38 என்று காட்டும். நாடியைத் தொட்டு எண்ணினாலும் அதே 38தான் வரும். விரலும் அதே அலையைத்தானே தேடுகிறது!

ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டால் விடுபட்ட துடிப்புகள் பெரும்பாலும் கேட்கும். இசிஜி எடுத்தால் ஐயமின்றித் தெரிந்துவிடும். கடிகாரத்தில் 38 பார்த்தவுடன் இதய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் இசிஜி எடுங்கள். தலைசுற்றலோ மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.