ஒரு மிடறில் சிவக்கும் முகம்

ஜப்பான், சீனா, கொரியா ஆகிய நாடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அரை கிளாஸ் பீர் குடித்தாலே முகம் சிவந்துவிடும். நெஞ்சு படபடக்கும், குமட்டும். இது போதையல்ல, நச்சின் வேலை.

உடலுக்குள் போன மதுவைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாற்றுகிறது. அதை உடனே தீங்கற்ற அசிட்டேட்டாக்குவது ஏஎல்டிஎச்2 என்னும் நொதி. இவர்களிடம் அந்த நொதிக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் அசிட்டால்டிஹைடு ரத்தத்தில் தேங்கி, ரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது.

பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான மரபணு வந்தால் பாதி வேலையாவது நடக்க வேண்டுமே? நடப்பதில்லை. இந்த நொதி நான்கு துண்டுகள் சேர்ந்த கூட்டு. நல்லதும் பழுதும் சரிபாதியாகக் கலந்தால், நான்கும் நல்லவையாக அமைவது 16-ல் ஒன்றுதான். ஒரு பழுதான துண்டு சேர்ந்தாலே அந்தக் கூட்டு பெரும்பாலும் முடங்கிவிடும்.

குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிரம் மாத்திரையும் இதே நொதியைத்தான் தடுக்கிறது. மருந்து செய்வதை இவர்களுக்கு மரபணுவே செய்துவிடுகிறது. இருந்தும் சிலர் ஒவ்வாமை மாத்திரை போட்டுக்கொண்டு குடிக்கிறார்கள். சிவப்பு குறையும், நச்சு குறையாது. அப்படித் தொடர்ந்து குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.