85-ல முட்டி நிக்குதா உங்க பைக்? குற்றவாளி இன்ஜின் இல்ல பாஸ்!

காலேஜ் பார்க்கிங்ல ஒரு பத்து நிமிஷம் சும்மா நின்னு பாருங்க. ‘மச்சான், என் வண்டி எண்பது வரைக்கும் சும்மா பிச்சுக்கிட்டுப் போகுதுடா. அதுக்கு மேல எவ்ளோ முறுக்கினாலும் அசைய மாட்டேங்குது!’ என்று ஒரு சோகக் குரல் கண்டிப்பா கேட்கும். உடனே நாலு டாக்டர்கள் கூடிடுவாங்க. ‘கார்புரேட்டரைக் கழுவு’ என்பார் ஒருத்தர். ‘சைலன்சரை மாத்து’ என்பார் இன்னொருத்தர். ‘ஏர் ஃபில்டரையே கழட்டிப் போட்டுடு’ என்று விபரீத வைத்தியமும் வரும்.

நம்ம செட்டுல ஒருத்தன் இதையெல்லாம் வரிசையா செஞ்சு பார்த்தான். நூறு சிசி வண்டி. செமஸ்டர் ஃபீஸ்ல மிச்சம் பிடிச்ச காசெல்லாம் மெக்கானிக் பாக்கெட்டுக்குப் போனதுதான் மிச்சம். வண்டி முன்னாடி 85-ல நின்னுச்சு. செலவுக்கு அப்புறமும் 85-ல நின்னுச்சு... கொஞ்சம் கூடுதல் சத்தத்தோட!

பாவம், அவனுக்கு யாரும் சொல்லலை. வண்டியை அங்கே பிடிச்சு நிறுத்தினது காத்து!

காத்துக்குன்னு ஒரு வெயிட்டும் இல்லைன்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். நம்ம ஊர் வெயில்ல ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள பெட்டியில் அடைச்ச காத்தோட எடை சுமார் 1.15 கிலோ. ஒரு பெரிய பாட்டில் தண்ணி மாதிரி வெச்சுக்குங்க. பைக்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற உங்களை நேர் எதிர்ல நின்னு ஒருத்தர் பார்த்தா, வண்டியும் நீங்களும் சேர்ந்து ஏறக்குறைய 0.6 சதுர மீட்டரை மறைச்சுக்கிட்டு இருப்பீங்க. அந்த அளவுக்கு ஒரு கதவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு காத்துக்குள்ள ஓடுறீங்கன்னு அர்த்தம்.

மணிக்கு 40 கி.மீ. வேகம்னா ஒரு செகண்டுக்கு 11 மீட்டர். அந்தக் கதவு ஒவ்வொரு செகண்டும் ஏழரை கிலோ காத்தை மோதித் தள்ளுது. சும்மா நின்னுக்கிட்டிருந்த காத்தை, உங்க வேகத்துக்கு இழுத்துட்டுப் போறீங்க. உங்களுக்குப் பின்னால அது சுழன்று சுழன்று அடங்கும். லாரி தாண்டிப் போனதும் ரோட்டோரக் காகிதம் பறக்குதே, அந்தச் சுழல்தான். அதுக்கான செலவு உங்க பெட்ரோல்.

இப்போ வேகத்தை 80 ஆக்குங்க. இங்கேதான் கதையில ட்விஸ்ட்!

ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போறீங்க. அதனால ஏழரை கிலோவுக்குப் பதிலா பதினைஞ்சு கிலோ காத்து மோதும். வேலை ரெண்டு மடங்கு. அதோட போச்சான்னா, இல்லை. ஒவ்வொரு கிலோ காத்தையும் இப்போ 80-க்கு வேகப்படுத்தணும். வேகம் ரெண்டு மடங்கானா அதுக்குத் தேவையான சக்தி நாலு மடங்கு. 80-ல பிரேக் அடிச்சா, 40-ல அடிச்சதைப் போல கிட்டத்தட்ட நாலு மடங்கு தூரம் போய் நிக்குமே, அதே கணக்கு. ஆக, ரெண்டு மடங்கு காத்து, கிலோவுக்கு நாலு மடங்கு சக்தி. ரெண்டையும் பெருக்கினா எட்டு!

வேகம் இரு மடங்கு. காத்துக்குக் கட்ட வேண்டிய பவர் எட்டு மடங்கு. வேகம் மூணு மடங்கானா இருபத்தேழு மடங்கு. மேத்ஸ் குரூப் ஆளுங்க இதை ‘கன விகிதம்’னு சொல்லிட்டு சமோசா சாப்பிடப் போயிடுவாங்க. நாம கொஞ்சம் நின்னு நம்ம நண்பனோட வண்டிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

40-ல காத்துக்கு மட்டும் சுமார் 470 வாட் போதும். டயர் உருள்றதுக்கு ஒரு 350 வாட். மொத்தம் ஒரு ஹார்ஸ் பவருக்குக் கொஞ்சம் மேல. அதான் 40-ல வண்டி தாலாட்டிக்கிட்டே போகுது. 80-ல டயர் செலவு ரெண்டு மடங்குதான் ஆகும், 700 வாட். காத்துச் செலவோ 3,800 வாட்டுக்கு எகிறிடும். ரெண்டும் சேர்ந்து ஆறு ஹார்ஸ் பவர்!

நண்பனோட இன்ஜின் எட்டு ஹார்ஸ் பவர்னு புத்தகத்துல போட்டிருக்கும். கியர் பாக்ஸ், செயின் எல்லாம் தன் கமிஷனை எடுத்தது போக, பின் வீலுக்கு வந்து சேர்றது ஏழு. அந்த ஏழும் எந்த வேகத்துல முழுசா காலியாகும்னு பார்த்தா... 85-ல. கரெக்டா அங்கேதான் வண்டி நிக்குது. ஆக, இன்ஜின் தன் கடமையைச் சரியாத்தான் செஞ்சுக்கிட்டு இருந்திருக்கு!

சரி, நூறைத் தொடணும்னா? வீலுக்கு பதினோரு ஹார்ஸ் பவர் வரணும். வெறும் 15 கி.மீ. கூட்டுறதுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல பவர். மெக்கானிக் ஏதோ மாயம் செஞ்சு இருபது சதவிகிதம் பவரை ஏத்திட்டார்னே வெச்சுக்குவோம் (நூறு சிசி இன்ஜின்ல அது லேசுப்பட்ட மாயம் இல்ல). கிடைக்கிறது 90. அஞ்சே அஞ்சு கி.மீ.! சைலன்சர் மாத்தினதுக்கு ஒண்ணும் தெரியாமப் போனதுல ஆச்சரியமே இல்லை.

மைலேஜும் இதே ரூட்டுலதான் அடி வாங்குது. 80-ல ஒரு கிலோமீட்டர் போக, 40-ல போறதைப் போல இரண்டே முக்கால் மடங்கு சக்தி வேணும். ஆனா, மைலேஜ் அப்படியே மூணுல ஒரு பங்காக் குறைஞ்சுடாது. மெதுவாப் போகும்போது இன்ஜின் லேசான வேலை செஞ்சுக்கிட்டு பெட்ரோலைக் கொஞ்சம் ஊதாரித்தனமா எரிக்கும். நல்லா வேலை கொடுத்தா சிக்கனமாயிடும். அது கொஞ்சம் ஈடுகட்டுது. அப்படியும் பர்ஸ் இளைக்கிறது நிச்சயம்.

‘டேங்க் மேல படுத்துக்கிட்டா வேகம் கூடுதே, அது எப்படி?’ன்னு கேட்கிறீங்களா? உண்மைதான். நிமிர்ந்து உட்கார்ந்தா நெஞ்சுதான் பெரிய கதவு. குனிஞ்சா கதவு சின்னதாகுது. மறைக்கிற பரப்புல கால் பங்கு குறைஞ்சுதுன்னு வைங்க, அதே ஏழு ஹார்ஸ் பவர்ல நம்ம வண்டி 93 வரைக்கும் போகும். கால் பங்கு மிச்சத்துக்கு எட்டு கி.மீ. லாபம். எந்த மெக்கானிக்கும் தர முடியாத லாபம்! ஆனா படுத்தபடி ரோட்டை ஒழுங்காப் பார்க்க முடியாது, திடீர்னு பிரேக் பிடிச்சா உடம்பைத் தாங்கிக்கவும் முடியாது. பட்டன் போடாத சட்டை பின்னால பலூன் மாதிரி உப்புறதும் ஒரு பிரேக்தான். பட்டனைப் போட்டா உயிருக்கு ஆபத்தில்லாம கொஞ்சம் லாபம். பின் சீட்டு ஃப்ரெண்டைக் குறை சொல்லாதீங்க. அவர் உங்க முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கார். அவரோட வெயிட்டு மேட்டுலயும் பிக்கப்லயும் தெரியும். டாப் ஸ்பீடுல அவ்வளவா தெரியாது.

அதுக்காக எல்லாப் பழியையும் காத்து மேலயே போட்டுடக் கூடாது. வண்டி அறுபதுக்கே திணறுதா? அது காத்து இல்லை. மெயின் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரல்ல பின் வீலைக் கையால சுத்திப் பாருங்க. ரெண்டு சுத்து சுத்தாம நின்னா பிரேக் ஷூ உரசுது, இல்லை செயின் ரொம்ப டைட். முறுக்கும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா, கிளட்ச் பிளேட் தேய்ஞ்சு வழுக்குது. ரெண்டும் இல்லாம, அறுபது வரைக்கும் ஜோரா ஏறி, எழுபதுல சோம்பி, எண்பத்தஞ்சுல அடங்குதுன்னா மெக்கானிக் பக்கமே போகாதீங்க.

காத்து மட்டும் இல்லைன்னா என்ன ஆகும்? இதை 1899-லேயே ஒருத்தர் உயிரைப் பணயம் வெச்சு செஞ்சு காட்டிட்டார். அமெரிக்காவின் சார்லஸ் மர்ஃபி. நியூயார்க் பக்கம் லாங் ஐலேண்டில், ரயில் தண்டவாளத்துக்கு நடுவுல பலகை போட்டு சைக்கிள் பாதை அமைச்சாங்க. ரயிலோட கடைசிப் பெட்டியின் பின்னால கூடு மாதிரி மறைப்பு. ஜூன் 30-ம் தேதி, அந்தக் கூட்டுக்குள்ள ரயிலை ஒட்டியே மிதிச்சார் மர்ஃபி. ஒரு மைல் தூரம், 57.8 விநாடி. அதாவது, மணிக்கு 100 கி.மீ.! வெறும் சைக்கிளில்!

திறந்த ரோட்டுல, நல்லா குனிஞ்சு ஓட்டினாலும் அந்த வேகத்துக்கு நாலாயிரம் வாட்டுக்கு மேல வேணும். நம்மளைப் போல சாதாரண ஆள் ஒரு மணி நேரம் விடாம மிதிச்சா தர்றது 100, 150 வாட். உலகத் தரத்து ஸ்பிரின்ட் வீரரே சில விநாடிக்குத்தான் 2,000 வாட்டை எட்டுவார். மர்ஃபி சூப்பர்மேன் இல்லை. காத்தோட பில்லை ரயில் கட்டிடுச்சு, அவ்வளவுதான். ஆனா பலகை முடியுற இடம் நெருங்கினப்போ ரயில்ல இருந்தவங்க கைகொடுத்துத் தூக்கித்தான் அவரைக் காப்பாத்த வேண்டியிருந்தது. பஸ்ஸுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு பைக்ல போற பார்ட்டிகளுக்கு அப்படிக் கை கொடுக்க யாரும் இல்லை. டிரைவர் பிரேக் மேல கால் வெச்சா நமக்குத் தெரியுறதுக்கு முன்னாடி முடிஞ்சுடும். 2018-ல டெனிஸ் முல்லர் கோரெனெக் என்ற அமெரிக்கப் பெண், யூட்டா மாகாணத்து உப்புத் தரையில், மறைப்பு கட்டின ரேஸ் காருக்குப் பின்னால மிதிச்சு மணிக்கு 296 கி.மீ. தொட்டார். அதே டெக்னிக்தான்.

பைக் இல்லாத சைக்கிள் பார்ட்டிகளுக்குக் கடைசியா ஒரு கணக்கு. காத்தில்லாத நாள்ல 20 கி.மீ. வேகத்துல நிமிர்ந்து மிதிக்க சுமார் 80 வாட் போதும். பீச் ரோட்டுல எதிர்காத்து 20 கி.மீ. அடிக்கிற சாயங்காலம், அதே 20-ல போகணும்னா உங்க முகத்துல மோதுறது 40 கி.மீ. காத்து. தள்ளுற விசை நாலு மடங்கு. நல்லவேளை, நீங்க ரோட்டுல நகர்றது 20-லதான். அதனால எட்டு மடங்கு செலவு கிடையாது. காத்துக்கு நாலு மடங்கோட தப்பிச்சீங்க. டயரையும் சேர்த்தா 230 வாட். மூச்சு வாங்கும்!

‘திரும்பி வரும்போது பின்காத்துல ஈடுகட்டிக்கலாம்’னு தோணுதா? வரும்போது டயருக்கு மட்டும் மிதிச்சா போதும், 35 வாட். போக 230, வர 35. சராசரி 130-ஐத் தாண்டுது. காத்தே இல்லாத நாள்ல போக வர எண்பதிலேயே முடிஞ்சிருக்கும்!