ஸ்கேன் செய்த வவுச்சருடன் ஆடிட்டருக்குப் போகும் குறிப்பு

முன்பெல்லாம் தணிக்கைக் காலம் வந்தால் வவுச்சர் கட்டுகளை நூல் போட்டுக் கட்டி ஆடிட்டரின் மேசையில் அடுக்குவார்கள். இப்போது பல அலுவலகங்களில் பில்களை ஸ்கேன் செய்து, மென்பொருளைக் கொண்டு தேதி, தொகை, ஜி.எஸ்.டி. எண் ஆகியவற்றைப் படித்தெடுத்து ஒரு பட்டியலாக அனுப்புகிறார்கள். பட்டியலைப் பார்த்ததும் ஆடிட்டருக்கு எழும் முதல் கேள்வி, இந்த எண்களைப் படித்தது யார், சரிபார்த்தது யார் என்பதுதான். அதற்குப் பதிலாகக் கணக்காளர் எழுதி இணைப்பதே முகப்புக் குறிப்பு.

மென்பொருள் செய்யும் பிழை, மனிதர் தட்டச்சில் செய்யும் பிழையைப் போன்றதல்ல. கை தவறினால் 4,760 என்பது 4,670 ஆகும். வித்தியாசம் ஒன்பதால் வகுபடும். பழைய கணக்கர்கள் இதை வைத்தே பிழையைப் பிடித்துவிடுவார்கள். மென்பொருளோ இலக்கங்களை இடம் மாற்றுவதில்லை. மங்கிய 8-ஐ 3 என்றும், 7-ஐ 1 என்றும் உருவத்தைப் பார்த்துத் தவறாகப் படிக்கிறது. அங்கே ஒன்பது உதவாது.

உதாரணத்துக்கு ஒரு பில். பொருளின் மதிப்பு 18,500 ரூபாய், 18 சதவீத வரி 3,330, மொத்தம் 21,830. மென்பொருள் முதல் எண்ணை 13,500 என்று படித்துவிட்டால், வரியைக் கூட்டும்போது 16,830 வரும். மொத்தத்தோடு ஒட்டாது, பில் தனியே ஒதுக்கப்படும். பில்லின் அடியில் கடைக்காரர் பழைய பாக்கியைச் சேர்த்துப் போட்டிருந்து, மென்பொருள் அதையே மொத்தம் என்று எடுத்துக்கொண்டாலும் இதே கூட்டல் காட்டிக்கொடுக்கும். முழு ரூபாயாக்கும்போது பைசா வித்தியாசம் வருவதால், எத்தனை ரூபாய் வரை வித்தியாசம் ஏற்கப்பட்டது என்பதையும் குறிப்பில் சொல்ல வேண்டும்.

ஜி.எஸ்.டி. எண்ணுக்குள்ளேயே ஒரு காவல் இருக்கிறது. 15 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். கடைசி எழுத்து, முந்தைய பதினான்கையும் வைத்துக் கணக்கிடப்படுவது. ஏதேனும் ஓர் எழுத்து தவறாகப் படிக்கப்பட்டால்கூட அந்தக் கணக்கு உதைக்கும். ஆனால் எண் சரியான அமைப்பில் இருக்கிறது என்பது வரைதான் இந்தச் சோதனை சொல்லும். அது பில் கொடுத்த கடையின் எண்தானா, பதிவு இன்னும் நடப்பில் உள்ளதா என்பதை ஜி.எஸ்.டி. தளத்தில் தேடித்தான் அறிய முடியும். எந்தச் சோதனை செய்யப்பட்டது என்பதைக் கணக்காளர் பிரித்து எழுதாவிட்டால், இரண்டும் நடந்ததாக ஆடிட்டர் எடுத்துக்கொள்ள இடமாகிவிடும்.

உண்மையில் பயப்பட வேண்டியது தேதிக்குத்தான். 03/04/2025 என்று பில்லில் இருந்தால் நமக்கு அது ஏப்ரல் 3. மாதத்தை முதலில் படிக்கும்படி அமைந்த மென்பொருளுக்கு அது மார்ச் 4. செலவு ஒரு நிதியாண்டிலிருந்து முந்தையதற்குத் தாவிவிடும், கூட்டலிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் எந்தக் குறையும் தெரியாது. ஆகவே நாள் முதலில் வரும்படி அமைப்பு வைக்கப்பட்டதா, மார்ச், ஏப்ரல் பில்கள் தனியே கண்ணால் பார்க்கப்பட்டனவா என்று குறிப்பில் இரண்டு வரி இருந்தே ஆக வேண்டும்.

ஏற்றுக்கூலி, ஆட்டோ வாடகை போன்ற கையெழுத்து வவுச்சர்களில் ஒரே ஒரு தொகைதான் இருக்கும். கூட்டிப் பார்க்க வேறு எண் கிடையாது. எண்ணால் எழுதியதை எழுத்தால் எழுதியதோடு ஒப்பிடலாம். அன்றைய ரொக்க இருப்போடு பொருத்திப் பார்க்கலாம். நேர்மையான கணக்காளர் இவற்றை மென்பொருளிடம் விடாமல், ஒருவர் பதிந்து இன்னொருவர் சரிபார்த்ததாக எழுதுவார்.

எல்லாச் சோதனைகளிலும் தேறிய பில்களிலிருந்தும் சிலவற்றை எடுத்து மூலத்தோடு ஒப்பிடுவது வழக்கம். குருட்டாம்போக்கில் எடுத்த 60 பில்களில் ஒரு பிழையும் இல்லை என்றால் பிழையே கிடையாது என்று பொருளல்ல. 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, தேறிய பில்களில் பிழை சுமார் 5 சதவீதத்துக்கு மேல் இராது என்பது மட்டுமே. "மாதிரி பார்க்கப்பட்டது, திருப்தி" என்று முடிக்காமல், எத்தனை பில், எப்படித் தேர்ந்தவை, என்ன கிடைத்தது என்று எழுதினால்தான் தன் பங்குக்கு இன்னும் எத்தனை பார்க்க வேண்டும் என்பதை ஆடிட்டர் முடிவு செய்ய முடியும்.

ஸ்கேன் முடிந்ததும் காகிதத்தைக் கழித்துவிடக் கூடாது. நகலையும் மின்படியையும்விட மூல ஆவணமே நம்பகமான சான்று என்று இந்தியத் தணிக்கைத் தரம் எஸ்.ஏ. 500 சொல்கிறது. வெப்பத்தாளில் அடித்த பில்கள் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குவதால் அவற்றை வந்த அன்றே ஸ்கேன் செய்வது நல்லது. மூலக் கட்டு எந்த அலமாரியில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்பதையும் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் குறைந்தது 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும்.