ஒரே ஊசியில் இரண்டு பாடங்கள்

குழந்தை பிறந்த 6, 10, 14-ஆவது வாரங்களில் இடது தொடையில் போடப்படும் ஊசியை நம் ஊர்த் தாய்மார்கள் நன்றாக அறிவார்கள். அன்று மாலையே பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். தொடை வீங்கிச் சிவக்கும், இரவெல்லாம் அழுகை. ‘பென்டாவேலன்ட்’ எனப்படும் இந்த ஐந்து நோய்த் தடுப்பூசி, இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் நுழைந்தது. நாம் பல தலைமுறைகளாகப் போட்டுக்கொண்ட முத்தடுப்பூசி அதற்குள் அப்படியே இருக்கிறது: தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான் இருமல் ஆகிய மூன்றுக்குமான மருந்து.

இந்த மூன்றும் பாக்டீரியாவால் வரும் நோய்கள்தான். ஆனால் மூன்றுக்கும் ஒரே வகைத் தடுப்பு மருந்து தயாரிக்கப்படவில்லை. தொண்டை அடைப்பானுக்கும் ரணஜன்னிக்கும் உரிய பகுதியில் கிருமியே கிடையாது. கிருமி வெளிவிடும் நஞ்சை வீரியம் முறித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு டாக்சாய்டு என்று பெயர். கக்குவான் இருமலுக்கு உரிய பகுதியிலோ கொல்லப்பட்ட முழுக் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. குழந்தைக்கு வரும் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் இந்த மூன்றாவது பகுதியே காரணம். அப்படியானால் அதற்கும் ஒரு டாக்சாய்டை மட்டும் வைத்துவிட்டுக் காய்ச்சலைத் தவிர்த்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை, ஒவ்வொரு கிருமியும் நம்மை எப்படித் தாக்குகிறது என்பதில் இருக்கிறது.

1884-இல் ஜெர்மன் மருத்துவர் ஃப்ரெட்ரிக் லோஃப்லர் தொண்டை அடைப்பானை ஆராய்ந்தபோது ஒரு புதிரைக் கண்டார். கிருமி தொண்டையில் மட்டுமே இருந்தது. சேதமோ தொலைவில் இருந்த உள்ளுறுப்புகளிலும் தெரிந்தது. கிருமி ஏதோ நஞ்சைச் சுரக்கிறது, அதுதான் இரத்தத்தில் பயணம் செய்கிறது என்று அவர் ஊகித்தார். 1888-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் எமில் ரூவும் அலெக்சாந்தர் யெர்சினும் அதை மெய்ப்பித்தார்கள். கிருமி வளர்த்த திரவத்தை மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்து, ஒரு கிருமிகூட இல்லாத தெளிவான நீரை விலங்குகளுக்குச் செலுத்தினார்கள். அவை அந்த நோய்க்கே உரிய சேதங்களுடன் இறந்தன. நோயை உண்டாக்கக் கிருமி உடலெங்கும் பரவத் தேவையில்லை, அதன் நஞ்சே போதும் என்பது தெளிவாயிற்று.

நஞ்சுதான் கொல்கிறது என்றால், உடலுக்கு அடையாளம் காட்ட வேண்டியதும் அந்த நஞ்சைத்தான். ஆனால் உயிர்குடிக்கும் நஞ்சை அப்படியே ஊசியில் ஏற்ற முடியாது. 1923-இல் அதே பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த காஸ்தோன் ராமோன் இதற்கு வழி கண்டார். நஞ்சுத் திரவத்தில் சிறிதளவு ஃபார்மலின் கலந்து, உடல் வெப்பத்தை ஒட்டிய சூட்டில் சில வாரங்கள் வைத்தார். ஃபார்மலின் நஞ்சுப் புரதத்தின் பகுதிகளை ஒன்றோடொன்று பிணைத்து, அது செல்லைத் தாக்க முடியாதபடி செய்துவிடுகிறது. புரதத்தின் வெளித்தோற்றம் மட்டும் பெருமளவு மாறாமல் நிற்கிறது. பல் பிடுங்கிய பாம்பைக் காட்டி, இதுதான் பாம்பு என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போன்ற வேலை இது. பல் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்ப்பதில் அலட்சியம் கூடாது. 1948-இல் ஜப்பானின் கியோட்டோவில் நஞ்சு முழுமையாக முறியாத தொண்டை அடைப்பான் தடுப்பு மருந்தைச் செலுத்தியதில் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். ஆகவே இன்று ஒவ்வொரு தொகுதி டாக்சாய்டும் எஞ்சிய நஞ்சு இருக்கிறதா என்ற சோதனையைத் தாண்டிய பிறகே வெளியே வருகிறது.

டாக்சாய்டு உடலுக்குள் போனதும், அதன் வடிவத்தோடு பொருந்தும் பி-செல்கள் அதைப் பற்றி உள்ளிழுத்து, துண்டு துண்டாக்கி, டி-செல்களிடம் காட்டுகின்றன. டி-செல்கள் இசைவு தந்ததும் பி-செல்கள் பெருகுகின்றன. அவற்றுள் நன்றாகப் பற்றும் எதிர்ப்புரதம் செய்யும் செல்கள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு நிலைக்கின்றன. அடுத்தடுத்த தவணைகளில் இந்தத் தேர்வு இன்னும் கூர்மையாகிறது. முடிவில் இரத்தத்தில் உலவும் எதிர்ப்புரதம், நஞ்சு செல்லைத் தொடுவதற்கு முன்பே அதை மறித்துவிடுகிறது.

‘தொடுவதற்கு முன்பே’ என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ரணஜன்னியைப் பாருங்கள். காயத்தில் இருக்கும் கிருமி சுரக்கும் நஞ்சு நரம்பு முனைக்குள் புகுந்து, நரம்பு வழியாகவே தண்டுவடத்துக்கு ஏறுகிறது. தசைகளைத் தளர்த்தும் சமிக்ஞையை அங்கே அடைத்துவிடுகிறது. தாடை பூட்டிக்கொள்கிறது, உடல் வில்லாக வளைகிறது. நஞ்சு நரம்புக்குள் போய்விட்டால் எந்த எதிர்ப்புரதமும் அதைத் தொட முடியாது. நினைவுச் செல்கள் விழித்து எதிர்ப்புரதம் செய்யச் சில நாட்கள் ஆகும். அதற்குள் காலம் கடந்துவிடும். எனவே எதிர்ப்புரதம் முன்கூட்டியே இரத்தத்தில் போதிய அளவில் இருந்தாக வேண்டும். அது ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவதால்தான் ஊக்குவிப்புத் தவணை தேவைப்படுகிறது.

இதில் பலர் அறியாத ஓர் உண்மை உண்டு. ரணஜன்னி வந்து பிழைத்தவருக்கு அந்த நோய் எதிர்ப்பாற்றலைத் தருவதில்லை. ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சின் அளவு, எதிர்ப்பு மண்டலத்தை விழிக்கச் செய்யப் போதாத அளவுக்குக் குறைவு. அதனால் பிழைத்து எழுந்தவருக்கும் தடுப்பூசி போட வேண்டும். நோயே கற்றுத் தராத பாடத்தை டாக்சாய்டு கற்றுத் தருகிறது.

டாக்சாய்டுக்கும் குறைகள் உண்டு. தூய புரதமான அதைத் தனியாகச் செலுத்தினால் உடல் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அதனால் அலுமினிய உப்பில் ஒட்டவைத்துக் கொடுக்கிறார்கள். அந்த உப்புக்கு உறைபனி ஆகாது. மருந்து ஒருமுறை உறைந்தால் உப்பு செதில் செதிலாகத் திரண்டு பயனற்றுப் போகும். சந்தேகம் வந்தால் சுகாதாரப் பணியாளர்கள் குலுக்கல் சோதனை செய்கிறார்கள். அதே தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருகவிடுவார்கள். பிறகு அதையும் சந்தேகக் குப்பியையும் சேர்த்துக் குலுக்கி அருகருகே வைப்பார்கள். உறைந்த குப்பியில் வண்டல் விரைவாக அடியில் இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். சந்தேகக் குப்பியிலும் அதே வேகத்தில் இறங்கினால் அதை ஒதுக்கிவிட வேண்டும். 2 முதல் 8 டிகிரி வரை என்று சொல்வது வெப்பத்துக்கு மட்டுமல்ல, அதிகக் குளிருக்கும் சேர்த்துத்தான்.

இன்னொரு குறை, டாக்சாய்டு கிருமியை அடையாளம் காட்டுவதில்லை. தடுப்பூசி போட்டவரின் தொண்டையிலும் தொண்டை அடைப்பான் கிருமி தங்க முடியும். அவருக்கு நோய் வராது, ஆனால் அடுத்தவருக்கு அது போய்ச் சேரலாம். சோவியத் ஒன்றியம் சிதறிய 1990-களில் இது பயங்கரமாக வெளிப்பட்டது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி தவறியது, பெரியவர்களின் பழைய எதிர்ப்புரதமும் வற்றியிருந்தது. அந்தப் பத்தாண்டில் அங்கே 1,50,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், சுமார் 5,000 பேர் இறந்தார்கள்.

இனி கக்குவான் இருமலுக்கு வருவோம். இந்தக் கிருமி ஒரே நஞ்சை நம்பி வாழ்வதில்லை. மூச்சுக்குழாயின் நுண்மயிர்களைப் பற்றிக்கொள்ளப் பல புரதங்களையும், எதிர்ப்பு மண்டலத்தைக் குழப்பிச் செல்களைச் சிதைக்கப் பல நஞ்சுகளையும் வைத்திருக்கிறது. ஒரு நஞ்சை மட்டும் மறித்தால் நோயின் கடுமை குறையலாம். ஆனால் பற்றிக்கொண்ட கிருமி அங்கேயே இருந்து, இருமலில் அடுத்த குழந்தைக்குப் பரவும். 1930-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரு பெண் அறிவியலாளர்கள் முழுக் கிருமியையே கொன்று தடுப்பூசியாக்கிப் பயன் கண்டார்கள். இந்திய முத்தடுப்பூசியில் இன்றும் இருப்பது இந்த வகை மருந்துதான்.

கொன்ற கிருமியின் உறையில் எண்டோடாக்சின் எனும் கொழுப்புச் சர்க்கரைப் பொருள் இருக்கிறது. நம் காவல் செல்கள் அதைத் தொட்டதுமே பாக்டீரியா வந்துவிட்டது என்று அபாயச் செய்தி அனுப்புகின்றன. காய்ச்சலும் வீக்கமும் அந்தச் செய்தியின் விளைவுகள். அதே செய்திதான் டி-செல்களையும் வேறு வழியில் பழக்குகிறது. அவை எதிர்ப்புரதத்துக்குத் துணை போவதோடு நிற்காமல், மூச்சுக்குழாய்க்கு வெள்ளை அணுக்களை வரவழைத்துக் கிருமியையே அழிக்கக் கற்றுக்கொள்கின்றன. முழுக் கிருமி தரும் இந்த அதிர்வு, அதே ஊசியில் இருக்கும் டாக்சாய்டுகளுக்கும் உடல் கூடுதலாக விழித்தெழ உதவுகிறது.

காய்ச்சலுக்கு அஞ்சி இந்தப் பாடத்தைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் கண்டது. தடுப்பூசிக்குப் பின் இரு குழந்தைகள் இறந்ததையடுத்து 1975-இல் அங்கே அது நிறுத்தப்பட்டது. விரைவில் மீண்டும் தொடங்கியும் பெற்றோர் முன்வரவில்லை. 1974-இல் நாடு முழுவதும் கக்குவான் இருமல் 400 பேருக்கும் குறைவாகவே வந்திருந்தது, ஒரு மரணமும் இல்லை. 1979-இல் 13,000 பேருக்கு வந்தது, 41 பேர் இறந்தார்கள். அதன்பின் அதே ஜப்பான், சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்து, நஞ்சை முறித்து, எண்டோடாக்சினைப் பெருமளவு நீக்கிய ‘செல்லற்ற’ தடுப்பூசியை உருவாக்கி 1981-இல் பயன்படுத்தத் தொடங்கியது. நம் தனியார் மருத்துவமனைகளில் ‘வலியில்லா ஊசி’ என்று சொல்வது இந்த வகையைத்தான். காய்ச்சல் இதில் குறைவு.

ஆனால் இது தரும் பாதுகாப்பு விரைவாகத் தேய்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் பபூன் குரங்குகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. செல்லற்ற ஊசி போட்ட குரங்குகளுக்கு நோய் வரவில்லை. ஆனால் அவற்றின் தொண்டையில் கிருமி வாரக்கணக்கில் தங்கியது, கூண்டில் உடன் இருந்த குரங்குக்கும் பரவியது. முழுக் கிருமி ஊசி போட்டவை கிருமியை அவற்றைவிட விரைவாக வெளியேற்றின. முழுக் கிருமி ஊசியைப் பயன்படுத்தும் நாடுகள் குழந்தைகளின் முதல் தவணைகளில் அதையே தொடர வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியதற்குச் செல்லற்ற ஊசியின் இத்தகைய குறைகளே அடிப்படை.

ஆகவே பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஊசி போட்ட ஓரிரு நாட்களில் தானாக இறங்கும் காய்ச்சலைப் பார்த்து அடுத்த தவணையைத் தவிர்க்காதீர்கள். வலிப்பு வந்தாலோ, குழந்தை துவண்டு போனாலோ, அழுகை மணிக்கணக்கில் ஓயாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போடும் ஊக்குவிப்பு ஊசிகளை மறக்க வேண்டாம். 10 வயதிலும் 16 வயதிலும் பள்ளியில் போடும் டி.டி. ஊசி, இரண்டு டாக்சாய்டுகளும் மட்டும் கொண்டது. பெரியவர்களோ காலில் ஆணி குத்தினால்தான் ஊசியை நினைக்கிறோம். ரணஜன்னிக்கான எதிர்ப்புரதம் காயத்துக்கு முன்பே இரத்தத்தில் இருக்க வேண்டும் என்பதால், கடைசியாகப் போட்டு 10 ஆண்டுகள் ஆகியிருந்தால், காயம் படும்வரை காத்திராமல் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள்.