முதல் ஆளுக்கு மட்டும் திறக்காத கதவு

காலையில் முதலில் வருகிறவருக்கு மட்டும் தேடல் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் பிழை காட்டும். அவரே மறுபடி அழுத்தினால் நொடியில் விடை வந்துவிடும். சர்வர்லெஸ் முறையில் இயங்கும் பல சேவைகளில் இந்தக் கோளாறைப் பார்க்கலாம்.

அமேசானின் லாம்டாவில், யாரும் கேட்காதபோது நிரலுக்கென்று எந்தக் கணினியும் விழித்திருப்பதில்லை. கோரிக்கை வந்த பிறகுதான் இடம் ஒதுக்கி, நிரலை இறக்கி, தொடக்க வேலைகளைச் செய்கிறது. இதுதான் கோல்ட் ஸ்டார்ட். ஒருமுறை எழுந்த நிரல் சிறிது நேரம் விழித்திருப்பதால் அடுத்தடுத்து வருபவர்களுக்குத் தாமதம் தெரியாது.

ஒரு நூலகத் தேடலை எடுத்துக்கொள்வோம். நிரல் எழுந்ததும் எஸ்3 கிடங்கிலிருந்து நூற்பட்டியல் முழுவதையும் இறக்கி, அட்டவணை கட்டுகிறது. இதற்கு 11 நொடி ஆகிறது. தொடக்க வேலைக்கு லாம்டா தரும் அவகாசமோ 10 நொடி. பத்தாவது நொடியில் வேலை பாதியில் அறுபடும். அதோடு முடிவதில்லை. லாம்டா அதே வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இம்முறை அது கோரிக்கைக்கான நேரக் கணக்கில் சேர்ந்துவிடும். நாம் மாற்றாவிட்டால் அந்த வரம்பு வெறும் 3 நொடி. அப்படி விட்டிருந்தால் எந்தக் கோரிக்கையும் தேறாது. வரம்பை 15 நொடியாக்கினால் வேலை முடியும். ஆனால் முதல் வாசகர் 10, 11 என 21 நொடி காத்திருக்க வேண்டும். அதற்குள் அவருடைய கைப்பேசிச் செயலி பொறுமையிழந்து இணைப்பைத் துண்டித்திருக்கும். நிரல் மட்டும் தயாராகி நிற்கும். பலன் இரண்டாவது ஆளுக்கு.

பதிவேட்டில் இப்படி ஒரு வரி இருந்தால் நோய் இதுதான்:

```
INIT_REPORT Init Duration: 10000.04 ms Phase: init Status: timeout
```

நேர வரம்பை மேலும் கூட்டுவது மருந்தல்ல, காத்திருப்பைத்தான் நீட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிரலைத் தட்டி எழுப்பி வைப்பவர்களும் உண்டு. ஆனால் அதனால் விழித்திருப்பது ஒரே ஒரு பிரதிதான். ஒரே கணத்தில் இருவர் வந்தால் இரண்டாமவருக்குப் புதுப் பிரதி தேவை, அவர் மறுபடி கோல்ட் ஸ்டார்ட்டில் மாட்டுவார்.

நல்ல வழி, பளுவையே இறக்கி வைப்பது. அந்த அட்டவணையை ஒவ்வொரு தடவையும் கட்டாமல், நிரலை ஏற்றும்போதே கட்டி அதனுடன் சேர்த்து அனுப்பிவிட்டால் 11 நொடி வேலையில் பெரும்பகுதி மறைந்துவிடும். அரிதாகத் தேவைப்படும் நூலகத் தொகுப்புகளைக் கேட்கும்போது மட்டும் ஏற்றலாம். நினைவகத்தைக் கூட்டினாலும் பலன் உண்டு; லாம்டாவில் கணிக்கும் திறன் நினைவகத்தின் அளவோடு சேர்ந்தே ஏறுகிறது. 1,769 எம்பி தந்தால்தான் ஒரு முழு மெய்நிகர் செயலியின் திறன் கிடைக்கும், கேட்காமல் விட்டால் கிடைப்பது 128 எம்பி.

இவ்வளவும் செய்து போதவில்லையென்றால், பிரதிகளை முன்கூட்டியே தயார்நிலையில் நிறுத்தும் வசதியும் உண்டு. அங்கே அந்த 10 நொடிக் கெடு கிடையாது. யாரும் வராத நேரத்துக்கும் காசு கட்ட வேண்டியிருக்கும் என்பதால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.